“ஆம் நோயிங்”, “இஸ் பிலோங்கிங்”: ஆங்கிலக் கட்டுரையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

க.பொ.த. சாதாரண தர ஆங்கில வினாத்தாளின் கடைசிக் கேள்விக்கு ஏறத்தாழ 200 சொற்களில் எழுத வேண்டும். ஊரைப் பற்றியோ குடும்பத்தைப் பற்றியோ எழுத வந்தால் கிளிநொச்சிப் பக்கத்துப் பிள்ளை ஒருவரின் விடை பெரும்பாலும் இப்படித் தொடங்கும்:

“மை வில்லேஜ் இஸ் பிலோங்கிங் டு கரைச்சி டிவிஷன். ஐ ஆம் நோயிங் எவ்ரிபடி ஹியர். மை ஃபாதர் இஸ் ஹேவிங் டூ ஏக்கர்ஸ் ஆஃப் பேடி லேண்ட். நவ் ஹீ இஸ் வோண்டிங் மோர் வாட்டர் ஃப்ரொம் இரணைமடு.”

சொல்லவந்த விஷயம் தெளிவு, எழுத்துப் பிழையும் இல்லை. ஆனால் நான்கு வாக்கியத்திலும் ஒரே பிழைதான் இருக்கிறது. பிலோங், நோ, ஹேவ், வோண்ட் ஆகிய நான்கும் இங்கே செயலைச் சொல்லவில்லை, நிலையைச் சொல்கின்றன. அப்படிப்பட்ட வினைகளை ஆங்கிலம் “இஸ்”, “ஆம்” சேர்த்து “இங்” போட்டு எழுதாது.

பிழை எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், பிள்ளை தமிழில் நினைத்த வாக்கியம் தெரியும். கிராமம் கரைச்சிக்கு உட்பட்டிருக்கிறது, எல்லாரையும் அறிந்திருக்கிறேன், அப்பா இரண்டு ஏக்கர் வைத்திருக்கிறார். மூன்றும் “இருக்கிற” என்று முடிகின்றன. அந்த “இருக்கிற” ஆங்கிலத்தில் “இஸ்” ஆகி, மிச்சத்துக்கு “இங்” ஒட்டிக்கொள்கிறது. நான்காவது “விரும்புகிறார்”. “படிக்கிறான்” என்றால் “ஹீ இஸ் ரீடிங்” என்று ஆறாம் வகுப்பிலேயே மனதில் பதிந்துவிட்டதால், “கிறார்” என்று முடியும் எதையும் பிள்ளை தொடர்காலமாக்கிவிடுகிறது. தமிழில் “அவன் படிக்கிறான்” என்பது இந்த நிமிடம் புத்தகமும் கையுமாக இருப்பதையும் சொல்லும், கிளிநொச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பதையும் சொல்லும். ஆங்கிலம் இரண்டுக்கும் இரண்டு வடிவம் வைத்திருக்கிறது.

நிலையையும் செயலையும் பிரித்துக் காண நல்ல கேள்வி ஒன்று உண்டு: இதை நடுவில் நிறுத்திவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து தொடரலாமா? தண்ணீர் இறைப்பதையும் நாற்று நடுவதையும் அப்படி நிறுத்தலாம். அயலவரைத் தெரிந்திருப்பதைப் பாதியில் நிறுத்த முடியாது. வயல் அப்பாவுக்குச் சொந்தமாக இருப்பதையும் முடியாது.

பரீட்சை மண்டபத்தில் இதைவிட வேகமான சோதனை வேண்டுமென்றால் தமிழிலேயே இருக்கிறது. “எனக்கு” என்று தொடங்கும் வாக்கியத்தைக் கவனியுங்கள். எனக்குத் தெரியும், எனக்கு வேணும், எனக்குப் பிடிக்கும், எனக்கு விளங்குது, எனக்கு ஞாபகம் இருக்கு. இவற்றை ஆங்கிலமாக்கும்போது வரும் நோ, வோண்ட், லைக், அண்டர்ஸ்டாண்ட், ரிமெம்பர் எல்லாம் நிலை வினைகள். அப்பாவுக்குச் சொந்தம் என்பதும் இதே குடும்பந்தான், ஆங்கிலத்தில் பிலோங். இந்தச் சோதனை உடம்பைப் பற்றிய பேச்சில் பிசகும். “எனக்கு வேர்க்குது” என்பது “ஐ ஆம் ஸ்வெட்டிங்” தான், அது சரி.

“நான்” என்று தொடங்கும் சில நிலை வினைகள் இந்தச் சோதனையில் அகப்படாது. நம்புகிறேன், வெறுக்கிறேன், விரும்புகிறேன் ஆகிய மூன்றையும் மனதில் வைத்திருக்க வேண்டியதுதான். இவற்றில் நம்புவது கொஞ்சம் வஞ்சகமானது. தமிழில் “நம்பிக்கொண்டிருந்தேன்” என்று தாராளமாகச் சொல்வோம், ஆங்கிலத்தில் “ஐ வோஸ் பிலீவிங்” என்று எழுதக் கூடாது. “ஐ பிலீவ்ட்” போதும்.

இனித் திருத்தம். இதில்தான் இரண்டாவது பிழை பிறக்கிறது. “இங் வராது” என்று ஆசிரியர் சொன்னதும் பிள்ளை “இங்”கை மட்டும் வெட்டிவிடும். “மை வில்லேஜ் இஸ் பிலோங் டு கரைச்சி” என்று நிற்கும். சில வேளை “இஸ் பிலோங்ட் டு” என்றும் ஆகும். இரண்டும் முன்னதைப் போலவே பிழை. “இங்” போகும்போது “இஸ்”ஸும் சேர்ந்து போக வேண்டும். அதன் பிறகு எழுவாய் படர்க்கை ஒருமையா என்று பார்த்து வினையின் கடைசியில் “எஸ்” சேர்க்க வேண்டும். ஆகவே “மை வில்லேஜ் பிலோங்ஸ் டு கரைச்சி டிவிஷன்”, “மை ஃபாதர் ஹேஸ் டூ ஏக்கர்ஸ்”, “ஹீ வோண்ட்ஸ் மோர் வாட்டர்”. இரண்டாவது வாக்கியத்தில் எழுவாய் “ஐ” என்பதால் “எஸ்” தேவையில்லை, “ஐ நோ எவ்ரிபடி ஹியர்” என்றால் முடிந்தது. “நவ்” என்ற சொல்லைக் கண்டதும் “இங்” போடத் தோன்றும். தண்ணீர் இந்த நிமிடமே வேண்டியிருந்தாலும் வடிவம் “வோண்ட்ஸ்” தான்.

எதிர்மறையில் போன “இஸ்” திரும்பவும் எட்டிப் பார்க்கும். “தி லேண்ட் இஸ் நாட் பிலோங் டு ஹிம்” என்று எழுதுவார்கள். இங்கே வர வேண்டியது “டஸ் நாட் பிலோங்”. “டஸ்” வந்தவுடன் வினையில் இருந்த “எஸ்” போய்விடும், அதையும் விட்டுவைக்காதீர்கள்.

வருடக் கணக்கு வந்தால் சிக்கல் இன்னும் ஒன்று கூடும். “அவனை எனக்கு ஐந்து வருஷமாத் தெரியும்” என்பதைப் பலர் “ஐ ஆம் நோயிங் ஹிம் ஃபார் ஃபைவ் இயர்ஸ்” என்று எழுதுகிறார்கள். கெட்டிக்காரப் பிள்ளை “ஐ ஹேவ் பீன் நோயிங்” வரைக்கும் போகும். இரண்டிலும் “இங்” இருக்கிறது. அதை எடுத்து “ஐ நோ ஹிம் ஃபார் ஃபைவ் இயர்ஸ்” என்று எழுதினாலும் சரியாகாது, ஏனென்றால் அன்று தொடங்கி இன்றுவரை நீடிக்கும் நிலையைச் சொல்ல ஆங்கிலத்துக்கு “ஹேவ்” தேவை. “ஐ ஹேவ் நோன் ஹிம் ஃபார் ஃபைவ் இயர்ஸ்” என்பதே விடை.

விதியை அளவுக்கு மீறிப் பிடித்துக்கொள்வதும் ஆபத்து. “ஹேவ்” என்பது உடைமையைச் சொன்னால்தான் நிலை வினை. சாப்பிடுவதைச் சொன்னால் அது செயல். “வீ ஆர் ஹேவிங் லஞ்ச்” சரி, “ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்” பிழை. “திங்க்” வினையும் அப்படியே. சிறுபோகத்துக்குத் தண்ணீர் போதாது என்ற கருத்தைச் சொல்ல “ஐ திங்க்”. என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கும் அப்பாவுக்கு “ஹீ இஸ் திங்கிங் எபௌட் இட்”. ஊரில் வசிப்பதைச் சொல்லும் “லிவ்” இந்த விதிக்குள் வராது, “ஐ ஆம் லிவிங் இன் கிளிநொச்சி” என்பதை அடிக்கத் தேவையில்லை. விளம்பரங்களிலும் பேச்சிலும் “ஐ ஆம் லவிங் இட்” காதில் விழுகிறதே என்றால், விழட்டும். பேச்சு வழக்கில் அது ஓடும், பரீட்சைத் தாளில் “ஐ லவ் இட்” என்று எழுதுவதே பாதுகாப்பு.

எழுதி முடித்துச் சரிபார்க்கும்போது ஒவ்வொரு “இங்”கையும் வெட்டிக்கொண்டு போகாதீர்கள். முன்னால் “ஆம், இஸ், ஆர், வோஸ், வேர், பீன்” ஏதாவது நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் மட்டும் வினை நிலையைச் சொல்கிறதா என்று சோதியுங்கள். “எ டிராக்டர் பிலோங்கிங் டு மை அங்கிள்” என்ற தொடரில் “பிலோங்கிங்” முன்னால் அப்படி எதுவும் இல்லை. அது “மாமாவுக்குச் சொந்தமான உழவு இயந்திரம்” என்னும் பெயரடைத் தொடர், முழுக்கச் சரி. “நாட் வோண்டிங் டு வேஸ்ட் வாட்டர், ஹீ க்ளோஸ்ட் த கேட்” என்பதையும் கை வைக்காமல் விடுங்கள்.