நிலா ஒன்றுதான், ஏற்றம் ஏன் இரண்டு? தாளில் கணக்குப் போட்டே புரிந்துகொள்ளலாம்

நிலா கடல்நீரைத் தன் பக்கம் இழுக்கிறது, அதனால் நீர் உயர்கிறது. இதுவரை எல்லோருக்கும் தெரியும். ஆனால் அடுத்த கேள்வியிலேயே இந்த விளக்கம் இடிக்கும். நிலா இழுப்பதுதான் காரணம் என்றால், நிலா இருக்கும் பக்கம் மட்டும்தானே நீர் உயர வேண்டும்? பூமி ஒரு சுற்று சுற்றினால் நாளுக்கு ஒரு ஏற்றம்தானே வர வேண்டும்? சென்னையிலும் மும்பையிலும் உலகத்தின் பெரும்பாலான கரைகளிலும் நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம் வருகின்றன. நிலா தலைக்கு மேலே இல்லாமல் காலுக்குக் கீழே, பூமியின் மறுபக்கம் இருக்கும்போதும் நீர் உயர்கிறது.

இதைப் புரிந்துகொள்ள ஒரு தாள், பென்சில், கால்குலேட்டர் போதும். பெருக்கல், வகுத்தல், கழித்தல் தெரிந்தால் சரி.

படி 1: மூன்று புள்ளிகள் வையுங்கள்

தாளில் ஒரு வட்டம் போடுங்கள், அது பூமி. வலது பக்கம் தள்ளி ஒரு சின்ன வட்டம், அது நிலா. பூமியின் ஆரம் 6,371 கி.மீ., நிலா இருக்கும் தூரம் சராசரியாக 3,84,400 கி.மீ. இரண்டையும் வகுத்தால் ஏறக்குறைய 60 வரும். அதாவது பூமியின் மையத்திலிருந்து நிலா 60 பூமி ஆரங்கள் தள்ளி இருக்கிறது. இனி கிலோமீட்டரை மறந்துவிட்டு இந்த 60-ஐ மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

நிலாவைப் பார்த்த பக்கத்தில் 'அ' என்று ஒரு புள்ளி வையுங்கள். நிலாவிலிருந்து அதன் தூரம் 59. மையத்தில் 'ம', தூரம் 60. மறுபக்கத்தில் 'ஆ', தூரம் 61.

ஈர்ப்பு, தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும். மையத்தில் நிலாவின் ஈர்ப்பை 100 என்று வைத்துக்கொண்டால்:

```
அ : 100 × (60/59)² = 103.4
ம : 100 × (60/60)² = 100
ஆ : 100 × (60/61)² = 96.75
```

மூன்றுமே நிலாவை நோக்கித்தான் இருக்கின்றன. மறுபக்கத்து நீரையும் நிலா தன் பக்கம்தான் இழுக்கிறது, வெளியே தள்ளவில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த படிக்கு வாருங்கள்.

படி 2: மையத்தின் கணக்கைக் கழியுங்கள்

முழு விஷயமும் இந்த ஒரு கழித்தலில்தான் இருக்கிறது, அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

பூமி ஆணி அடித்து நிறுத்தி வைத்த பொருள் இல்லை. நிலாவின் ஈர்ப்பில் பூமியும் விழுந்துகொண்டேதான் இருக்கிறது. நிலாவும் பூமியும் ஒரு பொது மையத்தைச் சுற்றி வருவதால் மோதிக்கொள்வதில்லை, அவ்வளவுதான். அந்தப் பொது மையம் பூமிக்குள்ளேயே, பூமியின் நடுவிலிருந்து சுமார் 4,670 கி.மீ. தள்ளி இருக்கிறது. நிலா மாதம் ஒருமுறை பெரிய வட்டம் போட, பூமியும் அதே மாதத்தில் சின்ன வட்டம் போடுகிறது.

பூமி முழுவதுமாக 100 அளவில் நிலாவை நோக்கி விழுகிறது என்றால், பூமியோடு சேர்ந்து விழும் நமக்கு அந்த 100 தெரியவே தெரியாது. கடலின் தரையும் கரையும் நாமும் எல்லாம் அதே வேகத்தில்தான் போகிறோம். நமக்குத் தெரிவது மிச்சம் மட்டுமே:

```
அ : 103.4 - 100 = +3.4
ஆ : 96.75 - 100 = -3.25
```

'அ' பக்கத்து நீர் பூமியைவிடக் கொஞ்சம் அதிகமாக இழுக்கப்படுகிறது. அதனால் நிலாவின் பக்கம் முந்தப் பார்க்கிறது. 'ஆ' பக்கத்து நீர் பூமியைவிடக் குறைவாக இழுக்கப்படுகிறது. அதனால் பின்தங்கப் பார்க்கிறது. மறுபக்கத்தில் நிற்பவருக்குப் பின்தங்குவது என்றால் என்ன? கடல் தரை நிலாப் பக்கம் விலகிப்போகிறது, நீர் அதிலிருந்து வெளிப்பக்கம் நகர்கிறது. அவர் கண்ணுக்கு அது உயர்வுதான். இரண்டு எண்களும் கிட்டத்தட்ட சமமாக இருப்பதைக் கவனியுங்கள். அதனால்தான் இரண்டு பக்கத்து வீக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கிறது.

இன்னும் இரண்டு புள்ளிகள் பாக்கி. வட்டத்தின் உச்சியிலும் அடியிலும் ஒவ்வொன்று வையுங்கள். அங்கிருந்து நிலாவின் தூரம் ஏறக்குறைய அதே 60தான், அளவில் வித்தியாசம் இல்லை. ஆனால் திசை மாறுகிறது. உச்சியிலிருந்து நிலாவுக்கு இழுக்கும் கோடு லேசாகக் கீழ்நோக்கிச் சாய்கிறது. அந்தச் சாய்வினால் வரும் பங்கு 100 × (1/60), அதாவது 1.67, பூமியின் மையத்தை நோக்கி. ஆக, இரண்டு முனையிலும் இழுவை, நடுவில் சுற்றிலும் அமுக்கம். வட்டம் நீள்வட்டமாகிறது.

பூமி தன்னைத்தானே சுற்றுவதால் வரும் மையவிலக்கு விசைதான் மறுபக்கத்து வீக்கத்துக்குக் காரணம் என்று சில இடங்களில் படித்திருப்பீர்கள். அது சரியில்லை. அந்தச் சுழற்சி பூமத்தியரேகையை முழுவதுமாக, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி, எப்போதும் பெருக்க வைக்கிறது. மறுபக்கத்தை மட்டும் தேர்ந்தெடுத்து உயர்த்த அதனால் முடியாது.

படி 3: நீர் தூக்கப்படுவதில்லை, நகர்த்தப்படுகிறது

இந்த 3.4 எவ்வளவு பெரியது? நிலாவின் மொத்த ஈர்ப்பே பூமியின் ஈர்ப்பில் சுமார் 3 லட்சத்தில் ஒரு பங்கு. அதில் 3.4 சதவீதம் என்றால் ஏறக்குறைய 90 லட்சத்தில் ஒரு பங்கு. 70 கிலோ எடையுள்ள ஒருவரின் எடை இதனால் ஏறக்குறைய 8 மில்லிகிராம்தான் குறையும். இந்த அளவு விசை கடலை நேராக மேலே தூக்காது.

வேலை நடப்பது பக்கவாட்டில். 'அ'வுக்கும் உச்சிக்கும் நடுவே, சுமார் 45 டிகிரியில் இந்த மிச்ச விசையின் பெரும்பகுதி தரைக்கு இணையாக இருக்கும். அந்தப் பகுதியை எதிர்த்துப் பூமியின் ஈர்ப்பு ஒன்றும் செய்ய முடியாது. ஏனென்றால் பூமியின் ஈர்ப்பு கீழ்நோக்கி மட்டுமே இழுக்கும். அதனால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பரப்பில் இருக்கும் நீர் முழுவதும் இரண்டு முனைகளை நோக்கி மெல்ல நகர்ந்து குவிகிறது. குளத்திலும் கிணற்றிலும் ஏற்றம் ஏன் தெரிவதில்லை என்பதற்கும் இதுதான் பதில். அங்கே நகர்ந்து குவிய இடமில்லை.

பூமி முழுக்க ஆழமான கடலாக இருந்து, நீருக்குப் போதுமான நேரமும் கிடைத்தால், நிலாவினால் மட்டும் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையே அரை மீட்டர் அளவு வித்தியாசம் வரும்.

படி 4: பூமியைச் சுற்றவிடுங்கள்

இப்போது நீள்வட்டம் நிலாவைப் பார்த்து நிற்கிறது, அதற்குள்ளே பூமி சுழல்கிறது. கரையில் நிற்கும் நீங்கள் ஒரு சுற்றில் இரண்டு மேட்டையும் இரண்டு பள்ளத்தையும் கடக்கிறீர்கள். அதுதான் நாளுக்கு இரண்டு.

ஆனால் நீங்கள் ஒரு சுற்று முடிப்பதற்குள் நிலாவும் கொஞ்சம் நகர்ந்துவிடுகிறது. அதைப் பிடிக்கச் சராசரியாக இன்னும் 50 நிமிடம் வேண்டும். ஆக நிலாக் கணக்கில் ஒரு நாள் 24 மணி 50 நிமிடம், ஏற்றத்துக்கும் ஏற்றத்துக்கும் இடைவெளி 12 மணி 25 நிமிடம். இன்று காலை 6:00 மணிக்கு ஏற்றம் என்றால், வற்றம் 12:12 வாக்கில், அடுத்த ஏற்றம் மாலை 6:25, நாளைக் காலை ஏற்றம் 6:50.

உங்கள் ஊர் ஓத அட்டவணையோடு இதை ஒப்பிட்டால் சில நாள் பொருந்தாது. காரணம் சூரியன். அதற்கும் இதே மாதிரி ஒரு நீள்வட்டம் உண்டு, வலிமை நிலாவுடையதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் இரண்டும் ஒரே கோட்டில் சேர்வதால் அதையொட்டி ஏற்றம் பெரிதாகும். அரைநிலா நாட்களில் ஒன்றையொன்று குறைத்துக்கொள்ளும். அதோடு நேரத்தையும் சூரியன் இழுத்துவிடும். பெரிய ஏற்ற நாட்களில் தினசரித் தாமதம் 40 நிமிடம் போலச் சுருங்கும், சிறிய ஏற்ற நாட்களில் ஒரு மணி நேரத்தைத் தாண்டும். இன்னொன்று: அட்டவணையில் சில நாளுக்கு மூன்று வரிதான் இருக்கும். அது அச்சுப்பிழை இல்லை. நான்காவது நேரம் நள்ளிரவைத் தாண்டி மறுநாள் கணக்கில் போயிருக்கும்.

படி 5: உண்மையான கடலை உள்ளே கொண்டுவாருங்கள்

மேலே சொன்னதை வைத்து, நிலா உச்சிக்கு வரும் நேரத்தில் ஏற்றம் வரும் என்று எதிர்பார்த்துக் கரைக்குப் போனால் பெரும்பாலும் ஏமாறுவீர்கள். அந்த மேடு பூமத்தியரேகையில் நிலாவோடு சேர்ந்து ஓட வேண்டுமானால் மணிக்கு 1,600 கி.மீ. வேகம் வேண்டும். 4 கி.மீ. ஆழமுள்ள கடலில் இத்தகைய நீண்ட அலை மணிக்கு சுமார் 700 கி.மீ. வேகத்தில்தான் போக முடியும். நடுவில் கண்டங்கள் வேறு மறிக்கின்றன. ஆகவே நீர் நிலாவைத் துரத்தி உலகைச் சுற்றி வருவதில்லை. ஒவ்வொரு கடலும் தன் எல்லைக்குள் ஆடுகிறது. இந்த ஓட்டக் கணக்கை 1770களில் முதலில் ஒழுங்காகப் போட்டவர் பிரெஞ்சுக் கணிதர் லாப்லாஸ்.

நிலா கொடுப்பது தாளத்தை மட்டுமே: 12 மணி 25 நிமிடத்துக்கு ஒரு தள்ளு. எவ்வளவு உயரம், எத்தனை மணிக்கு என்பதைக் கடலின் ஆழமும் கரையின் வடிவமும் முடிவுசெய்கின்றன. சென்னையில் பெரிய ஏற்ற நாளிலும் மேலும் கீழும் சேர்த்து ஒரு மீட்டர் அளவுதான். குஜராத்தின் பாவ்நகரில் அதே நிலாவுக்கு 10 மீட்டர் அளவு எழுகிறது. காம்பே வளைகுடா உள்ளே போகப்போகக் குறுகுவதும் ஆழம் குறைவதும் அதற்குக் காரணம்.

நேரில் பார்க்க விரும்பினால் திறந்த கடற்கரை வேண்டாம், அலை வந்து போவதில் ஒரு மீட்டர் வித்தியாசம் மறைந்துவிடும். மீன்பிடித் துறைமுகம், முகத்துவாரம், கழி போன்ற இடம்தான் சரி. காசிமேடு போன்ற துறைமுகத்தில் நீருக்குள் நிற்கும் தூணைப் பாருங்கள். சிப்பியும் பாசியும் ஒட்டிய பட்டை ஓர் உயரத்தோடு நின்றுவிடும். ஏற்றத்தில் அந்தப் பட்டை மூழ்கியிருக்கும், வற்றத்தில் வெளியே தெரியும்.

படி 6: தொடக்கத்தில் 'பெரும்பாலான கரைகளிலும்' என்று சொன்னது ஏன்?

இதுவரை நிலா பூமத்தியரேகைக்கு நேர் மேலே இருப்பதாக வரைந்தோம். உண்மையில் அது மாதத்துக்கு ஒருமுறை வடக்கே போய்த் தெற்கே வருகிறது. 2025 வாக்கில் இது 28 டிகிரிக்கு மேல் போனது. தாளில் நிலாவைக் கொஞ்சம் மேலே தள்ளி வரையுங்கள். நீள்வட்டமும் சாயும். ஒரு மேடு வடக்கே ஏறும், மறுபக்க மேடு தெற்கே இறங்கும். வடக்கே ஓர் ஊரில் நிற்பவர் ஒரு மேட்டின் நடுவையும், மற்ற மேட்டின் ஓரத்தையும் கடப்பார். அப்போது இரண்டு ஏற்றமும் சமமாக இருக்காது. மும்பை அட்டவணையில் சில நாட்களில் இந்த வித்தியாசம் அரை மீட்டருக்கு மேலும் போகும்.

அதாவது நிலாவின் இழுப்பில் நாளுக்கு இரண்டு என்ற பெரிய தாளத்தோடு, நாளுக்கு ஒன்று என்ற சிறிய தாளமும் கலந்திருக்கிறது. பெரும்பாலான கடல்கள் பெரியதற்கே ஆடுகின்றன. மெக்சிகோ வளைகுடாவின் பல கரைகளும் வியட்நாமின் வடக்கே டோன்கின் வளைகுடாவும் அப்படியில்லை. அவற்றின் அளவும் ஆழமும் 12 மணி நேரத் தள்ளை அமுக்கி, 24 மணி நேரத் தள்ளை எடுத்துக்கொள்கின்றன. டோன்கின் கரையில் டோ சோன் என்ற ஊரில் நாளுக்கு ஒரே ஏற்றம்தான். அங்கே பெரிய ஏற்றம் அமாவாசை, பௌர்ணமியைப் பார்த்து வருவதில்லை. நிலா வடகோடிக்கோ தென்கோடிக்கோ போகும் நாட்களை ஒட்டி வருகிறது. நிலா பூமத்தியரேகையைக் கடக்கும் நாட்களில் அங்கே ஏற்ற இறக்கம் அனேகமாக அடங்கிவிடுகிறது.