வராத பணம் எந்த ஆண்டின் செலவு? வாரா ஐயக்கடன் ஒதுக்கு முறையும் நேரடிப் போக்கெழுதலும்

ஈரோட்டில் போர்வை, துண்டு மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். 2023-24 நிதியாண்டில் கடன் விற்பனை 40,00,000 ரூபாய். வாராக்கடனைக் கணக்கில் எடுப்பதற்கு முன் இலாபம் 4,00,000. அடுத்த ஆண்டு வியாபாரம் மந்தம்: கடன் விற்பனை 30,00,000, இலாபம் 3,00,000. 2024 பிப்ரவரியில் 70,000 ரூபாய்க்குச் சரக்கு எடுத்த ஒரு சில்லறைக் கடைக்காரர், ஜூலையில் கடையை மூடிவிட்டார். பணம் இனி வராது.

இந்த 70,000 எந்த ஆண்டின் செலவு?

நேரடிப் போக்கெழுதல்

இதில் ஒரே ஒரு பதிவுதான். ஜூலையில் வாராக்கடன் கணக்கைப் பற்று வைத்து, அந்தக் கடனாளியின் கணக்கை வரவு வையுங்கள். 2023-24 இலாபம் 4,00,000 என்று அப்படியே நிற்கும். 2024-25 இலாபம் 2,30,000 ஆகிவிடும்.

எளிதுதான். ஆனால் விற்பனை ஓர் ஆண்டில், அதனால் வந்த நட்டம் இன்னோர் ஆண்டில். 2024 மார்ச்சில் கணக்கு முடித்தபோது அந்த 70,000-ஐயும் வரக்கூடிய பணமாகவே இருப்புநிலைக் குறிப்பில் காட்டியிருக்கிறோம். அந்த 4,00,000-ஐ நம்பிப் பங்குதாரர்கள் பணம் எடுத்திருந்தால், இல்லாத இலாபத்தை எடுத்திருக்கிறார்கள்.

ஒதுக்கு முறை, படிப்படியாக

வராமல் போகக்கூடிய தொகையை முன்கூட்டியே மதிப்பிட்டு, விற்பனை நடந்த ஆண்டிலேயே செலவாக எழுதி வைப்பதுதான் இந்த முறை. முதல் படி, விகிதம். கடந்த சில ஆண்டுகளின் வாராக்கடனை அதே ஆண்டுகளின் கடன் விற்பனையால் வகுங்கள். மூன்று ஆண்டுகளில் 90,00,000 கடன் விற்பனையில் 1,80,000 வரவில்லை என்றால் 2 சதவீதம். ரொக்க விற்பனையைச் சேர்க்காதீர்கள். கடனில் விற்றுத் திரும்பி வந்த சரக்கையும் கழித்துவிடுங்கள்.

இரண்டாம் படி, 2024 மார்ச் 31. 40,00,000-இல் 2 சதவீதம் 80,000. இலாப நட்டக் கணக்கைப் பற்று வைத்து, வாரா ஐயக்கடன் ஒதுக்குக் கணக்கை வரவு வையுங்கள். இலாபம் 3,20,000. யார் ஏமாற்றுவார் என்று இப்போது தெரியாது, தெரியவும் வேண்டியதில்லை.

மூன்றாம் படி, ஜூலையில் கடை மூடியதும். இங்கேதான் கை தடுமாறும். பற்று வைக்க வேண்டியது செலவுக் கணக்கை அல்ல, ஒதுக்குக் கணக்கை. செலவில் எழுதினால் ஒரே நட்டம் இரண்டு முறை இலாபத்தைத் தின்றுவிடும். சரியாகச் செய்தீர்களா என்று பார்க்க ஒரு வழி உண்டு. அன்றைக்குக் கடனாளிகள் 12,00,000 என்று வைத்துக்கொள்வோம். ஒதுக்கு 80,000 போக நிகரம் 11,20,000. பதிவுக்குப் பின் கடனாளிகள் 11,30,000, ஒதுக்கு 10,000. நிகரம் அதே 11,20,000. இந்தத் தொகை மாறியிருந்தால் பதிவு தவறு.

நான்காம் படி, 2025 மார்ச் 31. 30,00,000-இல் 2 சதவீதம் 60,000. ஒதுக்கில் ஏற்கெனவே 10,000 இருக்கிறதே, அதைக் கழித்து 50,000 போடலாமா? கூடாது. பள்ளிப் பாடத்தில் நாம் படித்தது கடனாளிகள் மீதான சதவீதம். அதில் கிடைப்பது ஒதுக்கில் இருக்க வேண்டிய இருப்பு, அதனால் பழையதைக் கழிக்கிறோம். விற்பனை மீதான சதவீதத்தில் கிடைப்பதோ இந்த ஆண்டின் செலவு. முழு 60,000-ஐயும் எழுதுங்கள். ஒதுக்கு 70,000 ஆகும், இலாபம் 2,40,000.

இலாபத்தில் என்ன வித்தியாசம்?

நேரடி முறையில் 4,00,000, அப்புறம் 2,30,000. கடன் விற்பனையோடு ஒப்பிட்டால் 10 சதவீதத்திலிருந்து ஏறத்தாழ 7.7-க்கு விழுந்ததுபோல் தெரிகிறது. ஒதுக்கு முறையில் 3,20,000, 2,40,000. இரண்டு ஆண்டும் 8 சதவீதம். விற்பனை குறைந்ததே தவிர வியாபாரத்தின் இலாப விகிதம் கெடவில்லை என்பதை இரண்டாவது முறைதான் காட்டுகிறது.

இரண்டு ஆண்டு மொத்தம் 6,30,000-உம் 5,60,000-உம். வித்தியாசம் 70,000, அதாவது ஒதுக்கில் மிச்சமிருக்கும் தொகை.

இந்த முறையின் பலவீனமும் அந்த மிச்சத்தில்தான். விகிதம் அதிகமாக இருந்தால் ஒதுக்கு ஆண்டுக்கு ஆண்டு வீங்கும். குறைவாக இருந்தால் பற்று இருப்பாக மாறும். ஆகவே ஆண்டு முடிவில் கடனாளிகளைத் தவணை கடந்த நாள்வாரியாகப் பட்டியலிட்டு, அதில் சந்தேகமானவை ஒதுக்கின் அளவுக்கு அருகில் இருக்கின்றனவா என்று பாருங்கள். வெகுதூரம் விலகியிருந்தால் விகிதத்தை மாற்ற வேண்டும்.

வரிக் கணக்கில்

இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் பொருந்தும் வருமான வரிச் சட்டம், 1961-இன் கீழ் இப்படிப்பட்ட கடைக்கு ஒதுக்கு செலவாகாது. புத்தகத்தில் உண்மையாகவே போக்கெழுதிய கடன்தான் ஏற்கப்படும். எனவே முதல் ஆண்டு 3,20,000-உடன் 80,000-ஐத் திரும்பக் கூட்ட வேண்டும்: 4,00,000. இரண்டாம் ஆண்டு 2,40,000-உடன் 60,000 கூட்டி, 70,000 கழிக்க வேண்டும்: 2,30,000. நேரடி முறையில் வந்த அதே இரண்டு தொகைகள்.