வாட்டில் செய்தது பில்லில் ஏறியதா? கணக்காய்வுக்குப் புதியவர்களுக்கு

மட்டக்களப்பில் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றின் உள்ளகக் கணக்காய்வுக்குப் புதிதாக வருபவர் முதலில் பில் கட்டைத்தான் கேட்பார். விடுபட்ட சேவையை அதில் தேடிப் பயனில்லை. பில்லில் ஏறாதது பில்லில் எப்படித் தெரியும்? வாட்டிலிருந்து தொடங்கி பில்லுக்கு வாருங்கள்.

படி 1. வீடு சென்ற நோயாளிகளில் சிலரைத் தெரிவு செய்யுங்கள். இரவிலும் விடுமுறை நாளிலும் அனுமதியானவர்கள் கூடுதலாக இருக்கட்டும். அந்நேரங்களில் சேவையை எழுதிய துண்டு, பில் கவுண்டருக்குப் போகாமல் வாட்டிலேயே தங்கிவிடும். ஒவ்வொருவரின் பி.எச்.ரி. என்ற சிகிச்சைப் பதிவு, தாதியரின் குறிப்பு, லேப் பதிவேடு ஆகியவற்றை எடுங்கள்.

படி 2. எக்செலில் `Ward`, `Bill` என இரண்டு தாள்கள் திறந்து, இரண்டிலும் A-இல் பி.எச்.ரி. இலக்கம், B-இல் சேவை, C-இல் மொத்த அளவு எழுதுங்கள். ஒரு நோயாளியின் ஒரு சேவைக்கு ஒரே வரி. `Ward` தாளின் D2-இல்:

```
=C2-SUMIFS(Bill!C:C,Bill!A:A,A2,Bill!B:B,B2)
```

விடை பூச்சியத்துக்கு மேல் என்றால் பில் போடாதது. கீழே என்றால் நோயாளியிடம் கூடுதலாக வாங்கியது. வாட்டில் பதிவே இல்லாமல் பில்லில் மட்டும் இருப்பதை இது காட்டாது. அதற்கு `Bill` தாளிலிருந்து எதிர்த்திசையிலும் பாருங்கள்.

உதாரணத்துக்கு, களுவாஞ்சிகுடியிலிருந்து வந்த ஆஸ்துமா நோயாளி ஒருவரை வைப்போம். குறிப்பில் நெபுலைசர் 11 தடவை, பில்லில் 7. ஒட்சிசன் 18 மணித்தியாலம், பில்லில் 10. நெபுலைசர் 400 ரூபா, ஒட்சிசன் மணிக்கு 500 ரூபா என்று கொண்டால் விடுபட்டது 1,600 + 4,000 = 5,600 ரூபா. இனி நேரத்தைப் பாருங்கள். விடுபட்ட நான்கும் இரவு 10 மணிக்குப் பிறகு கொடுத்தவை என்றால், இரவுத் துண்டு கைமாறும் இடத்தில்தான் ஓட்டை. ஒட்சிசன் தொடங்கிய நேரத்தை எழுதி, நிறுத்திய நேரத்தை எழுதாவிட்டால், பில் போடுபவர் குத்துமதிப்பாகப் போட்டிருப்பார்.

வித்தியாசம் எல்லாம் இழப்பல்ல. இரத்த மாதிரி பழுதாகி மறுபடி எடுத்த பரிசோதனைக்குக் காசு வாங்கக் கூடாது. பெக்கேஜில் அடங்கியதும் தனியாக வராது. வாட் பொறுப்புத் தாதியிடம் கேட்ட பிறகே எழுதுங்கள்.

படி 3. இனி பில்லில் குறைத்துக் கொடுத்த கழிவுகளுக்கு வாருங்கள். அனுமதித்தவரின் எல்லை எவ்வளவு, பதிந்தவரும் அனுமதித்தவரும் ஒருவரா என்று பாருங்கள். பற்றுச்சீட்டு அடித்த நேரத்துக்குப் பிறகு பதிந்த கழிவைத் தனியே எடுங்கள். நோயாளி முழுக் காசும் கட்டிப் போன பின் கழிவு பதிந்து, அந்தத் தொகையை ஒருவர் எடுத்திருக்க இடமுண்டு. நோயாளியிடம் உள்ள பிரதியின் தொகையோடு ஒப்பிட்டால் தெரியும்.

இங்கே அடிக்கடி தவறிப்போகும் ஒன்று உண்டு. டொக்டர், "தெரிஞ்ச ஆக்கள், என்ட பீஸ எடுக்க வேணாம்" என்று வாயால் சொல்லிவிட்டுப் போவார். கவுண்டரில் அது பொதுக் கழிவாகப் பதிவாகும். மாத முடிவில் டொக்டர் கொடுப்பனவுப் பட்டியலில் அதே பீஸ் முழுதாக நிற்கும். அவர் விட்டுக்கொடுத்த காசை ஆஸ்பத்திரி தன் பணத்தில் அவருக்கே கொடுத்துவிடுகிறது. ஆகவே டொக்டரின் பெயரில் வந்த ஒவ்வொரு கழிவையும், அவர் கையொப்பத்தோடு, அந்தப் பட்டியலில் கழித்திருக்கிறார்களா என்று காசு போவதற்கு முன் ஒப்பிடுங்கள்.