பினாங்கில் நீல அட்டை வாங்குவதும் அதைக் காலாவதியாகாமல் வைத்திருப்பதும்

என் பக்கத்து வீட்டு அக்காவின் மகள், ஜார்ஜ்டவுனில் சீனக் கோயில்களையும் நம் கோயில்களையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். சென்ற மாதம் வந்து, "அண்ணே, எனக்குத்தான் எல்லாம் தெரியுமே, நாலு டூரிஸ்டைக் கூட்டிட்டுப் போய்க் காட்டினா காசு வருமில்ல?" என்றாள். காசு வரும், அதில்தான் சிக்கல். காசு வாங்கிக்கொண்டு பயணிகளுக்கு வழிகாட்டுவது, 1992-ஆம் ஆண்டின் சுற்றுலாத் தொழில் சட்டப்படி லைசன்ஸ் உள்ளவர் மட்டுமே செய்யக்கூடிய வேலை. மலேசியத் தமிழர்கள் 'சட்டம் 482' என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள், அது இதுதான். அவளுக்கு நான் சொன்னதையே இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதலில்: நீலமா, பச்சையா?

சுற்றுலா, கலை, பண்பாட்டு அமைச்சு தரும் வழிகாட்டி லைசன்ஸில் இரண்டு வகை உண்டு. நகரச் சுற்றுலா வழிகாட்டிக்கு நீல அட்டை, இயற்கைத் தல வழிகாட்டிக்குப் பச்சை அட்டை. பச்சை அட்டை நீங்கள் பயிற்சி பெற்ற குறிப்பிட்ட இடத்தைச் சேர்ந்தது. தெலுக் பஹாங்கில் உள்ள பினாங்கு தேசியப் பூங்காவில் காட்டுப் பாதையில் கூட்டிப் போகிறவருக்கு அது பொருந்தும். ஆனால் அதே ஆள் அந்தப் பச்சை அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, குயின் ஸ்ட்ரீட்டில் கோயில் கதை சொல்ல முடியாது. ஜார்ஜ்டவுன் நடைப்பயணம், பஸ்ஸில் விளக்கம், கோலாலம்பூரில் நகர்வலம் என்பவை உங்கள் ஆசை என்றால் நீலம்தான். இனி எழுதுவது எல்லாம் நீலத்தைப் பற்றி.

இரண்டாவது: அங்கீகாரம் பெற்ற பயிற்சி

லைசன்ஸ் கேட்டு நேராக அமைச்சுக்கு விண்ணப்பிக்க முடியாது. அதற்கு முன்பு அடிப்படை வழிகாட்டிப் பயிற்சியை, அமைச்சிடம் லைசன்ஸ் பெற்ற பயிற்சி நிலையத்தில் முடித்திருக்க வேண்டும். மலாயில் இந்தப் பயிற்சியைச் சுருக்கமாக 'காப்' என்பார்கள். நீங்கள் மலேசியக் குடிமகனாக இருக்க வேண்டும், எஸ்.பி.எம். சான்றிதழும் கேட்பார்கள். வேலைக்குப் போகிறவர்களுக்காக வார இறுதி வகுப்பும் நடக்கும். அது முடியச் சில மாதங்கள் ஆகும், ஆகவே உங்கள் சனி ஞாயிறுகளை மறந்துவிடுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. 'டூர் கைடு கோர்ஸ்' என்று சமூக ஊடகத்தில் விளம்பரம் செய்கிறவர் எல்லாம் அமைச்சு ஒப்புக்கொள்ளும் சான்றிதழைத் தருகிறவர் அல்ல. இரண்டு நாள் கதை சொல்லும் பட்டறையையும் அப்படித்தான் விற்பார்கள். பணம் கட்டுவதற்கு முன் அந்த நிலையத்தின் பெயரை அமைச்சின் பட்டியலில் தேடுங்கள், அல்லது அவர்களிடமே "இந்த வகுப்பை முடித்தால் நான் அமைச்சுத் தேர்வுக்கு உட்காரலாமா?" என்று எழுத்தில் கேளுங்கள். நேராக "ஆமாம்" என்று எழுதித் தரத் தயங்குகிறவரிடம் பணம் கட்ட வேண்டாம். நிலையத்துக்கு லைசன்ஸ் இருந்தாலும் நீங்கள் சேரும் வகுப்பு நீலத்துக்கானதா பச்சைக்கானதா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

வகுப்பில் மலேசிய வரலாறு, புவியியல், பண்பாடு, சட்டம், பயணக் குழுவைக் கையாளுதல் எல்லாம் வரும். வகுப்பும் தேர்வும் பெரும்பாலும் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். தமிழில் நன்றாகப் பேசுகிற பலர் இங்கேதான் திணறுகிறார்கள். கோயில் கதை நாக்கு நுனியில் இருக்கும், ஆனால் 'கோபுரம்' என்பதை விளக்கும் மலாய் வாக்கியம் வராது.

மூன்றாவது: வாயால் விளக்கும் தேர்வு

எழுத்துத் தேர்வைப் படித்துக் கடந்துவிடலாம். பெரும்பாலோர் விழுவது நின்று பேசும் இடத்தில்தான். அந்தப் பெண்ணை நான் குயின் ஸ்ட்ரீட்டில் உள்ள ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில் முன்னால் நிறுத்தி, மூன்று நிமிடத்தில் விளக்கச் சொன்னேன். அவள் அம்மன் வரலாற்றை மூச்சு விடாமல் சொன்னாள். சரிதான், ஆனால் 1833-இல் கட்டப்பட்ட கோயில், பினாங்கில் பழமையான இந்துக் கோயில் என்பதைச் சொல்லவே இல்லை. எதிரே நிற்பவருக்கு எங்கிருக்கிறோம், எதைப் பார்க்கிறோம் என்று தெரியும் முன்பே தல புராணத்துக்குள் போய்விட்டாள்.

நான் அவளுக்குச் சொன்ன வரிசை இது: முதலில் எங்கே நிற்கிறோம், அப்புறம் கண்ணுக்கு என்ன தெரிகிறது, அதன் பின் அது ஏன் இந்த இடத்தில் இருக்கிறது, கடைசியாக உள்ளே போகும்போது என்ன செய்ய வேண்டும். செருப்பைக் கழற்றச் சொல்வது கடைசியில் வர வேண்டும். முதலிலேயே சொன்னால் பயணிகள் குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே உங்கள் கதையைத் தவறவிடுவார்கள்.

அடுத்தது, நமக்குத் தெரிந்த விஷயத்தில் வரும் தப்பு. தைப்பூசத் தேர் எங்கிருந்து புறப்படுகிறது என்று கேட்டேன். "மாரியம்மன் கோயிலிலிருந்து" என்றாள். பாதிதான் சரி. நகரத்தார் வெள்ளி ரதம் பினாங்கு ஸ்ட்ரீட்டில் உள்ள கோவில் வீட்டிலிருந்து புறப்படும். 2017 முதல் வருகிற தங்க ரதம்தான் இந்த மாரியம்மன் கோயிலிலிருந்து தண்ணீர்மலைக்குப் போகிறது. உள்ளூர்க்காரர்களே இரண்டையும் ஒன்றாக்கிவிடுவார்கள். 'தெரியும்' என்று நினைப்பதை ஒருமுறை நேரில் போய்ச் சரிபார்த்துக்கொண்டால் இந்த மாதிரித் தப்பு வராது. தேர்வாளர் இதையே கேட்பார் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு தப்பைத் தைரியமாகச் சொல்லிப் பழகியவர் பத்துத் தப்பு சொல்லுவார்.

நான்காவது: லைசன்ஸ் விண்ணப்பம்

தேர்வில் தேறியதும் அமைச்சின் இணைய லைசன்ஸ் முறையில் விண்ணப்பிக்க வேண்டும். மைகாட், படம், பயிற்சிச் சான்றிதழ் போன்றவற்றைத் தெளிவாக ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். பெயர் மட்டும் எல்லா ஆவணத்திலும் மைகாட்டில் உள்ளபடியே இருக்கட்டும். நம் பெயர்களில் 'மகன்', 'மகள்' என்பவை சிலவற்றில் ஏ/எல், ஏ/பி என்றும் சிலவற்றில் இல்லாமலும் இருப்பதால் இது உண்மையிலேயே தலைவலி. அட்டை கைக்கு வந்ததும் வேலை நேரத்தில் அதைத் தெரியும்படி அணிய வேண்டும். பையில் வைத்துக்கொண்டு "இருக்கு, இருக்கு" என்று சொல்வது போதாது.

இடையில் ஒரு பொறி: நீங்கள் கைடா, ஏஜென்ட்டா?

நீல அட்டை கிடைத்த முதல் மாதத்தில் பலர் செய்யும் தவறு இது. கிள்ளானில் இருக்கும் மாமா போன் செய்கிறார்: "தம்பி, நாங்க இருபது பேர் மூணு நாளைக்கு வரோம். நீயே ஹோட்டல், பஸ், சாப்பாடு எல்லாம் பாத்து ஆளுக்கு ஒரு ரேட் போட்டுச் சொல்லு, பணத்தை உன் கணக்குலயே போட்டுடறோம்."

இதில் வழிகாட்டும் வேலைக்கான கூலி உங்களுடையது. ஆனால் தங்குமிடம், வாகனம், உணவு எல்லாம் சேர்த்து ஒரே விலையாக விற்று, பணத்தைச் சேர்த்து வைப்பது சுற்றுலா நிறுவனத்தின் தொழில். அதற்குத் தனி லைசன்ஸ் உண்டு, ஊரில் 'டோப்டாப்' என்பார்கள். அதை அமைச்சு தனி ஆளுக்குத் தருவதில்லை, பதிவு செய்த நிறுவனத்துக்குத்தான் தரும். பயண ஆலோசகராக வேலை பார்க்க நினைக்கிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். ஆலோசகருக்கென்று வழிகாட்டி அட்டை போல ஒன்றும் கிடையாது. அப்படிப்பட்ட நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து, அதன் பெயரில், அதன் ரசீதில் விற்க வேண்டும். வாட்ஸ்அப்பில் தன் பெயரில் பேக்கேஜ் விற்கிறவர் ஆலோசகர் அல்ல, லைசன்ஸ் இல்லாத ஏஜென்ட்.

மாமாவுக்கு என்ன சொல்வது? லைசன்ஸ் உள்ள ஒரு நிறுவனத்தின் பெயரைக் கொடுத்து, அவர்களே ஹோட்டலையும் பஸ்ஸையும் பார்த்து பில் போடட்டும் என்று சொல்லுங்கள். வழிகாட்டியாக உங்களை அமர்த்தச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் கூலி அந்த நிறுவனத்திடமிருந்து வரும். மாமா கொஞ்சம் முறைப்பார், அவ்வளவுதான்.

ஐந்தாவது: புதுப்பித்தல்

அட்டையில் காலாவதித் தேதி இருக்கும். புதுப்பிக்க விண்ணப்பிக்கும்போது, லைசன்ஸ் காலத்தில் நீங்கள் தொடர்கல்வியில் கலந்துகொண்டீர்களா என்று பார்ப்பார்கள். இதைத்தான் வழிகாட்டிகள் சி.டி.ஆர்.இ. என்கிறோம். தலைப்பு முதலுதவியாகவோ பாரம்பரியமாகவோ இருக்கலாம், ஆனால் அமைச்சு ஒப்புக்கொண்ட நிகழ்ச்சியாக இருக்க வேண்டும். மலேசியச் சுற்றுலா வழிகாட்டிகள் மன்றம், பினாங்கு வழிகாட்டிகள் சங்கம் போன்றவற்றின் அறிவிப்புகளைப் பின்தொடர்ந்தால் தகவல் வரும். நீங்களாகப் போய்ப் பார்த்த அருங்காட்சியகம், கேட்ட சொற்பொழிவு எல்லாம் அறிவுக்கு நல்லது, ஆனால் புதுப்பிக்க உதவாது.

நான் ஒருமுறை இதில் மாட்டினேன். ஒரு நல்ல வரலாற்று வகுப்புக்கு முழு நாள் போய், சான்றிதழும் வாங்கி வந்தேன். புதுப்பிக்கும்போது பார்த்தால் அது அங்கீகாரம் பெற்ற சி.டி.ஆர்.இ. அல்ல. விளம்பரத்தில் அமைச்சின் சின்னம் போல ஒன்று இருந்தது, நான் கேட்காமல் விட்டேன். கடைசி மூன்று வாரத்தில் வேறு வகுப்பு தேடி அலைந்து, ஈப்போ வரை போக வேண்டி வந்தது. பதிவு செய்வதற்கு முன்பே "இது சி.டி.ஆர்.இ.-யாக எண்ணப்படுமா, சான்றிதழில் அப்படி அச்சாகுமா?" என்று கேட்பது இப்போது என் வழக்கம்.

உங்கள் அட்டை ஜூன் 30-இல் காலாவதியாகிறது என்று வையுங்கள். நான் செய்வது இப்படி: அட்டை வந்த நாளிலேயே போனில் மூன்று நினைவூட்டல் போடுவேன். ஜனவரியில் 'சி.டி.ஆர்.இ. முடிந்ததா', ஏப்ரலில் 'விண்ணப்பம்', ஜூன் முதல் வாரத்தில் 'பதில் வந்ததா'. சான்றிதழைக் கையில் வாங்கிய இடத்திலேயே படம் பிடித்து, வகுப்பின் தேதியையும் தலைப்பையும் கோப்பின் பெயராக வைத்துச் சேமிப்பேன். ஆண்டு இறுதியில் ஒரே வாரத்தில் எல்லோரும் வகுப்பைத் தேடுவார்கள், இடம் கிடைக்காது. ஆகவே ஆண்டின் முன்பாதியிலேயே முடித்துவிடுவது நல்லது.

ஜூலை 1-ஆம் தேதி புதுப்பித்தல் இன்னும் வரவில்லையென்றால் அந்த நாள் முதல் நீங்கள் லைசன்ஸ் இல்லாதவர்தான், இருபது வருட அனுபவம் இருந்தாலும். வேலை கொடுக்கும் நிறுவனத்திடம் உண்மையைச் சொல்லி, அந்தக் குழுவை இன்னொரு வழிகாட்டிக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். நிறுவனமும் லைசன்ஸ் உள்ள வழிகாட்டியைத்தான் அமர்த்த வேண்டும் என்பதால், மறைத்துவிட்டு வேலைக்குப் போனால் அவர்களையும் சேர்த்தே மாட்டிவிடுவீர்கள். அந்தப் பெண் இதைக் கேட்டுவிட்டுத் தன் போனை எடுத்தாள். அட்டை இன்னும் கைக்கு வரவில்லை, அதற்குள் நினைவூட்டல் போடுகிறாள்.