விவாதச் சுற்றை அறிமுகம் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழில் ஒரு விவாதப் போட்டி நடக்கிறது என்றால், பார்க்க வருகிற பெற்றோர், ஆசிரியர் பலருடைய மனதில் இருப்பது பட்டிமன்றம்தான். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் டிவியில் பார்த்துப் பழகியது. நடுவர் நடுவில் உட்கார்ந்திருப்பார், ஒவ்வொருவர் பேசி முடித்ததும் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பார், கடைசியில் இரு பக்கத்தையும் தட்டிக்கொடுத்துத் தீர்ப்பு சொல்வார். பள்ளி, கல்லூரிகளில் இப்போது பரவலாக நடக்கும் 'உலகப் பள்ளிகள்' முறை விவாதத்தில் இதில் எதுவும் கிடையாது. ஆகவே மேடையேறி அறிமுகம் செய்கிறவருக்கு முதல் வேலை, பட்டிமன்ற எதிர்பார்ப்போடு வந்தவரை இந்த முறைக்குத் திருப்பி உட்கார வைப்பது. அங்கேதான் தவறுகளும் நடக்கின்றன.

முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தீர்மானத்தை ஒட்டிப் பேச ஓர் அணி, வெட்டிப் பேச ஓர் அணி. அணிக்கு மூன்று பேச்சாளர்கள், ஆளுக்கு எட்டு நிமிடம், இரு அணியும் மாறி மாறி. அதன் பின் அணிக்கு ஒரு தொகுப்புரை, நான்கு நிமிடம். மொத்தப் பேச்சு நேரம் 56 நிமிடம். இவ்வளவுதான்.

பலரும் செய்கிற தவறு, விதிகள் அச்சிட்ட தாளை எடுத்து முதல் வரியிலிருந்து வாசிப்பது. மூன்றாவது நிமிடத்தில் கூட்டம் ஃபோனை எடுத்துவிடும். பார்வையாளருக்கு விதிகள் அத்தனையும் வேண்டாம். அவர் கண்ணிலும் காதிலும் பட்டுக் குழப்பப் போகிறவை மட்டும் முன்கூட்டியே தெரிந்தால் போதும். என் கணக்கில் அப்படிப்பட்டவை மூன்று.

முதலாவது மணி. எட்டு நிமிடப் பேச்சில் ஒரு நிமிடம் முடிந்ததும் ஒரு மணி அடிக்கும். பழக்கமில்லாதவர், "அதற்குள் நேரம் முடிந்துவிட்டதா, பாவம்" என்று நினைப்பார். ஏழாவது நிமிடத்தில் இன்னொன்று. எட்டாவது நிமிடத்தில் இரண்டு மணி, அதுதான் முடிவு. நடுவில் இருக்கும் ஆறு நிமிடம் எதற்கென்று சொன்னால்தான் இரண்டாவது விஷயம் புரியும்: அந்த நேரத்தில் எதிர் அணிக்காரர் எழுந்து நின்று இடைக்கேள்வி கேட்கலாம். பேசுகிறவர் விரும்பினால் ஏற்பார், இல்லையென்றால் கையைக் காட்டி உட்காரச் சொல்லிவிடுவார். ஏற்றால் கேள்விக்குப் பதினைந்து விநாடி. முதல் நிமிடமும் கடைசி நிமிடமும் பேசுகிறவருக்கே சொந்தம், யாரும் குறுக்கிட முடியாது. தொகுப்புரையில் இடைக்கேள்வியே கிடையாது. இதைச் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும்? ஒரு பெண் எழுந்து நிற்பாள், பேசுகிறவன் அவளைப் பார்க்காமலே கையசைத்து உட்கார வைப்பான். முன் வரிசையில் இருக்கும் தாத்தா, "என்ன மரியாதை இது" என்று முணுமுணுப்பார். ஆட்டத்தின் மிக விறுவிறுப்பான பகுதி அவருக்கு ஒழுக்கக்கேடாகத் தெரிகிறது.

மூன்றாவது, தொகுப்புரையின் வரிசை. இது மேடையில் அறிமுகம் செய்யும் தொகுப்பாளரையே தடுமாற வைக்கும். அதுவரை ஒட்டி, வெட்டி, ஒட்டி, வெட்டி என்று போய்க்கொண்டிருந்த வரிசை அங்கே திரும்புகிறது. வெட்டிப் பேசும் அணியின் மூன்றாம் பேச்சாளர் முடித்ததும், அதே அணியின் தொகுப்புரை வரும். கடைசிச் சொல் ஒட்டிப் பேசும் அணிக்கு. ஆக, வெட்டிப் பேசும் அணி தொடர்ந்து பன்னிரண்டு நிமிடம் மேடையில் இருக்கும். முன்னரே சொல்லாவிட்டால் எதிர்த்தரப்பின் பெற்றோர் கடிகாரத்தைப் பார்ப்பார்கள், ஏற்பாட்டாளரிடம் போய்க் கேட்கவும் செய்வார்கள். தொகுப்புரையை அந்த அணியின் முதல் அல்லது இரண்டாம் பேச்சாளர்தான் தருவார், அதனால் பார்த்த முகமே மறுபடி வரும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது தீர்மானம். இங்கே நடக்கும் தவறு கொஞ்சம் ஆபத்தானது, ஏனென்றால் அது போட்டியின் முடிவையே தொட்டுவிடும். 'இந்த அவை பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை நீக்கும்' என்று ஒரு தீர்மானம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தொகுப்பாளர் நல்லெண்ணத்தில், "அதாவது, பரீட்சையே இல்லாமல் எல்லோரையும் பாஸ் போட்டுவிடலாமா என்பதுதான் இன்றைய கேள்வி" என்று விளக்குகிறார். கூட்டம் சிரிக்கிறது. ஒட்டிப் பேசும் அணியோ, பொதுத்தேர்வுக்குப் பதிலாக ஆண்டு முழுவதும் பள்ளிகளே மதிப்பிடும் திட்டத்தைத் தயார் செய்து வைத்திருக்கலாம். பேச்சு தொடங்கும் முன்பே அவர்கள் தலையில் வேறொரு வாதம் ஏற்றப்பட்டுவிட்டது. தீர்மானத்துக்குப் பொருள் வரையறுப்பது ஒட்டிப் பேசும் அணியின் முதல் பேச்சாளருடைய வேலை. அந்த வரையறை நியாயமானதா என்று எதிரணி சண்டை பிடிக்கவும் இடமுண்டு. தொகுப்பாளர் தீர்மானத்தை எழுத்து மாறாமல் இரண்டு முறை நிறுத்தி வாசித்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். 'அதாவது' என்ற சொல்லே அந்த இடத்தில் வாயில் வரக்கூடாது.

அணிகளைப் பற்றிச் சொல்லும்போது, யார் எந்தப் பக்கம் என்பது எப்படி முடிவானது என்று ஒரு வாக்கியம் போதும்: போட்டி அட்டவணைப்படியோ, நாணயம் சுண்டியோ. பட்டிமன்ற மேடையில், "பெண்களே என்று அடித்துச் சொல்ல வருகிறார்" என்று அழைத்துப் பழகியதால் இங்கேயும், "பொதுத்தேர்வே வேண்டாம் என்று நம்பும் நம் மாணவி" என்று அறிமுகம் செய்துவிடுகிறார்கள். அந்த மாணவி நம்புகிறாளா என்பது யாருக்கும் தெரியாது. நாளைக்கே மறுபக்கம் பேசுவாள். உடனடித் தலைப்பாக இருந்தால், ஒரு மணி நேரத்துக்கு முன்புதான் இரு அணிக்கும் தெரிந்தது என்று சொல்லுங்கள். கையில் கிறுக்கிய தாள்களோடு அவர்கள் ஏன் வருகிறார்கள் என்று அப்போதுதான் புரியும்.

சமமாக அறிமுகம் செய்வது எல்லோருக்கும் தெரிந்த விதிதான், ஆனால் பட்டம் சூட்டும் ஆசை விடாது. "சென்ற ஆண்டு வெற்றிக்கோப்பையைத் தட்டிச் சென்ற" என்று ஓர் அணிக்குச் சொன்னால், மற்றதற்குச் சொல்ல, "முதன்முறையாகக் களமிறங்கும்" என்பதுதான் மிஞ்சும். நடுவர்கள் எதிரிலேயே உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பெயர், பேசும் வரிசை, அவ்வளவு போதும். பள்ளிப் பெயரை மறைத்து அணிக்கு எண் மட்டும் தரும் போட்டிகளும் உண்டு; அங்கே பள்ளியின் பெயரை உளறிவிடாமல் இருப்பது இன்னும் முக்கியம். பெயர்களை நிகழ்ச்சிக்கு முன் பிள்ளைகளிடமே ஒருமுறை வாய்விட்டுச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். தாளில் 'யாழினி' என்று இருப்பதை மைக்கில் 'யாலினி' என்று வாசித்தால் அந்தப் பிள்ளையின் முகம் அங்கேயே சுருங்கும்.

நடுவர்கள் விஷயத்தில் நேரம்தான் பறிபோகும். பொன்னாடை, நினைவுப்பரிசு, முனைவர் பட்டத் தலைப்பு, எழுதிய நூல்கள் என்று ஆளுக்கு ஐந்து நிமிடம் போனால், பதற்றத்தோடு உட்கார்ந்திருக்கும் ஆறு பிள்ளைகளும் காய்ந்து போவார்கள். மரியாதை செய்வதைப் பரிசளிப்பு விழாவுக்குத் தள்ளிவைக்கலாம். இன்னொன்று, "நம் பள்ளியின் முன்னாள் மாணவர், நம்மில் ஒருவர்" என்று பெருமையாகச் சொல்வது. அந்தப் பள்ளியின் அணி மேடையில் இருந்தால் எதிரணி என்ன நினைக்கும்? அப்படி ஒரு தொடர்பு இருந்தால் அதை மைக்கில் பாராட்டாமல், சுற்றுக்கு முன்பே ஏற்பாட்டாளரிடம் சொல்லி வேறு நடுவரை அமர்த்துவதுதான் வழி.

நடுவர்களைப் பற்றிப் பார்வையாளருக்கு உண்மையில் தெரிய வேண்டியது அவர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பதுதான். அதைத்தான் பெரும்பாலும் சொல்வதே இல்லை. ஒவ்வொரு பேச்சுக்கும் 100 மதிப்பெண்: கருத்துக்கு 40, பேசும் பாங்குக்கு 40, உத்திக்கு 20. தொகுப்புரைக்கு இதில் பாதி. நடைமுறையில் பேச்சுக்கு 60 முதல் 80 வரைதான் போடுவார்கள், 70 என்பது நல்ல சராசரி. இதைச் சொல்லாமல் பின்னால் மதிப்பெண் பட்டியலை ஒட்டினால், "என் பிள்ளைக்கு 69தானா" என்று ஒரு அப்பா வந்து நிற்பார்.

முடிவும் மொத்த மதிப்பெண்ணைக் கூட்டி வருவதில்லை. நடுவர்கள் கலந்து பேசாமல் தனித்தனியே தீர்மானிக்கிறார்கள், பெரும்பான்மை வெல்கிறது. ஓர் எடுத்துக்காட்டு: முதல் நடுவர் ஒட்டிய அணிக்கு 246, வெட்டிய அணிக்கு 244 போடுகிறார். இரண்டாமவர் 247, 245. மூன்றாமவர் 240, 250. கூட்டிப் பார்த்தால் ஒட்டிய அணி 733, வெட்டிய அணி 739. ஆனாலும் இரண்டு நடுவர்கள் ஒட்டிய அணியைத் தேர்ந்ததால் அதுவே இரண்டுக்கு ஒன்று என்று ஜெயிக்கிறது. இந்தக் கணக்கு முழுவதையும் மேடையில் சொல்ல வேண்டியதில்லை. 'தனித்தனி முடிவு, பெரும்பான்மை' என்ற ஒரு வரி போதும். கைதட்டலுக்கு மதிப்பெண் இல்லை என்பதையும் அதோடு சிரித்தபடி சேர்த்துவிடலாம்.

எல்லாம் சேர்ந்து நான்கு நிமிடத்துக்குள் அடங்கும். இப்படி:

"அனைவருக்கும் வணக்கம். இன்றைய தீர்மானம்: இந்த அவை பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை நீக்கும். மீண்டும் ஒருமுறை: இந்த அவை பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை நீக்கும். என் வலப்பக்கம் இருப்பவர்கள் இதை ஒட்டிப் பேசுவார்கள், இடப்பக்கம் இருப்பவர்கள் வெட்டிப் பேசுவார்கள். யாருக்கு எந்தப் பக்கம் என்பது நாணயம் சுண்டி முடிவானது. ஒவ்வொரு பேச்சும் எட்டு நிமிடம். முதல் மணிக்கும் ஏழாவது நிமிட மணிக்கும் இடையே எதிரணியினர் எழுந்து நிற்பார்கள். அது சண்டையில்லை, கேள்வி கேட்க அனுமதி கேட்கிறார்கள். பேசுகிறவர் மறுக்கலாம். இரட்டை மணி அடித்தால் நேரம் முடிந்தது. கடைசியில் வரும் தொகுப்புரையில் வரிசை மாறும்: முதலில் வெட்டிப் பேசும் அணி, பிறகு ஒட்டிப் பேசும் அணி. மூன்று நடுவர்களும் தனித்தனியே முடிவெடுப்பார்கள், பெரும்பான்மை பெறும் அணிக்கு வெற்றி."

இதன் பிறகு பேச்சாளர்கள், நடுவர்கள், மணி அடிப்பவர் ஆகியோரின் பெயர்கள். பிறகு நடுவர்கள் பக்கம் திரும்பி, "தயாரா?" என்று கேட்டு, அவர்கள் தலையசைக்கும் வரை காத்திருக்க வேண்டும். மூன்றாம் நடுவர் இன்னும் மதிப்பெண் தாளில் பெயர் எழுதிக்கொண்டிருக்கும்போதே, "அனல் பறக்கும் விவாதத்தைத் தொடங்க..." என்று முதல் பேச்சாளரை அழைத்துவிடுகிறவர்கள் உண்டு. அவளுடைய முதல் அரை நிமிடத்தை, வரையறை வருகிற அந்த அரை நிமிடத்தை, ஒரு நடுவர் கேட்காமலே போய்விடுவார்.