ஒட்டு ரோஜாவில் அடியிலிருந்து வரும் கிளை: இலையை எண்ணி ஏமாறாதீர்கள்

நர்சரியில் பூவோடு வாங்கி வந்த ரோஜா பெரும்பாலும் வேர்ச்செடி எனப்படும் காட்டு ரோஜாவின் மேல் நல்ல ரகத்தை ஒட்டியதுதான். சில மாதம் கழித்து அது அடியிலிருந்து சாட்டை மாதிரி ஒரு கிளையை விடும். மற்ற கிளைகளைவிட வேகமாக வளரும், ஆனால் மொட்டு வைக்காது. செடி தழைக்கிறது என்று சந்தோஷப்பட்டு விட்டுவைத்தால், வேர் உறிஞ்சுவதில் பெரும்பங்கு அந்தக் கிளைக்கே போய், மேலே ஒட்டிய ரகம் மெலிந்து காய ஆரம்பிக்கும்.

இதைக் கண்டுபிடிக்கப் பலர் சொல்லும் வழி, ஏழு சிற்றிலை இருந்தால் காட்டு ரோஜா, ஐந்து இருந்தால் நல்ல ரோஜா என்பது. இதை நம்பி வெட்டாதீர்கள். நல்ல ரகங்களிலும் ஏழு வரும். தளிர் சிவப்பாக இருப்பதையும் அடையாளமாக எடுக்க முடியாது. கிளை எங்கிருந்து கிளம்புகிறது என்பதுதான் பார்க்க வேண்டியது. தண்டின் அடியில் முடிச்சுபோல் புடைத்து, கொஞ்சம் வளைந்த ஒரு இடம் இருக்கும், அதுதான் ஒட்டுக் கட்டிய இடம். அது மண்ணுக்குள் புதைந்திருந்தால் விரலால் மண்ணை விலக்கிப் பாருங்கள். முடிச்சுக்கு மேலிருந்தோ முடிச்சிலிருந்தோ வந்தால் தொடவே தொடாதீர்கள், அடுத்து நிறையப் பூக்கப்போகும் தடித்த புதுக்கிளை அதுவாகத்தான் இருக்கும். முடிச்சுக்குக் கீழே, அல்லது வேரிலிருந்து வந்தால் எடுத்துவிட வேண்டும்.

எடுக்கும்போதுதான் அடுத்த தவறு. மண்மட்டத்தில் கத்தரியால் நறுக்கிவிடுவார்கள். அடிக்கட்டையில் உறங்கும் மொட்டுகள் அப்படியே இருப்பதால், ஒன்றுக்கு இரண்டு மூன்றாக மறுபடியும் கிளம்பும். மண்ணை நனைத்து இளக்கி, கிளை ஒட்டியிருக்கும் இடம் வரை தோண்டிப் போங்கள். இளந்தளிர் என்றால் கையுறை போட்டுக்கொண்டு, அடியில் பிடித்துக் கீழ்நோக்கி ஒரே இழுப்பு, அடி மொட்டுகளோடு பிய்ந்து வந்துவிடும். முற்றிய கிளையை இழுத்தால் தாய்த்தண்டின் பட்டையும் உரியும், அதனால் கூரான கத்தியால் குச்சி நீட்டாமல் தண்டை ஒட்டி அறுத்தெடுங்கள். அப்புறம் மண்ணை மூடும்போது முடிச்சு வெளியே தெரியட்டும், அடுத்த தளிர் சீக்கிரம் கண்ணில் படும்.

வெட்டுவதற்கு முன் மேல்பகுதி உயிரோடு இருக்கிறதா என்று நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். பட்டைக்குள் பச்சை தெரிந்தால் சரி. முடிச்சு வரை பழுப்பாகக் காய்ந்திருந்தால் வாங்கிய ரகம் போய்விட்டது, மிஞ்சியிருப்பது வேர்ச்செடி மட்டும். குச்சி நட்டு வளர்த்த ரோஜா, பன்னீர் ரோஜா உட்பட, ஒட்டே இல்லாதது. அதில் அடியிலிருந்து வருவதெல்லாம் அதே செடிதான், பிடுங்க வேண்டாம்.

ஒட்டு மாங்கன்றிலும் இப்படித் தளிர் வரும், ஆனால் இலையைப் பார்த்து எதுவுமே சொல்ல முடியாது, ஏனென்றால் வேர்ச்செடியும் மாமரம்தான். ஒட்டு பெரும்பாலும் மண்ணுக்கு மேல் ஒரு சாண் உயரத்துக்குள் இருக்கும். அதற்குக் கீழே வரும் தளிரைப் பிஞ்சிலேயே கட்டைவிரலால் தேய்த்து உதிர்த்துவிடுங்கள். ஒட்டுக் கூடிய பிறகும் பிளாஸ்டிக் நாடாவை அவிழ்க்காமல் விட்டால் அது தண்டை இறுக்கும், கீழே தளிர் மேலும் மேலும் வரும். அப்படி வந்துகொண்டே இருந்தால் முதலில் நாடாவைப் பாருங்கள்.