சிங்கப்பூரில் சிவராத்திரி: நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கு அல்ல

தமிழ்நாட்டு நாள்காட்டியில் உள்ள ஜாம நேரத்தை அப்படியே பின்பற்றாதீர்கள். சிவராத்திரி இரவு சூரிய அஸ்தமனத்தில் தொடங்கி உதயத்தில் முடிகிறது. அதை நான்காகப் பிரித்தால் நான்கு ஜாமங்கள். பிப்ரவரி நடுவில் இங்கே சூரியன் மாலை சுமார் 7.20க்கு மறைந்து காலை 7.15 வாக்கில் உதிக்கிறது. ஆகவே ஒரு ஜாமம் ஏறக்குறைய மூன்று மணி நேரம்: இரண்டாவது 10.20க்கும், மூன்றாவது 1.20க்கும், நான்காவது 4.15க்கும் தொடங்கும்.

நடு இரவு 1.20 என்பதுதான் முக்கியம். அடிமுடி காண முடியாத சோதியாகச் சிவன் தோன்றிய லிங்கோற்பவ காலம் அந்த நடுப்பொழுதைச் சுற்றியே வருகிறது. அந்தத் தோற்றத்தை உறங்காமல், உணர்வோடு எதிர்கொள்ளவே கண்விழிப்பு. சோம்பலையும் மயக்கத்தையும் தரும் தமோ குணத்தை வெல்வதே அதன் பலன் என்பார்கள். விடிய விடியப் படம் பார்த்தால் தூக்கம்தான் கெடும்.

மறுநாள் இங்கே பொது விடுமுறை இல்லை. முழு இரவும் முடியாதவர்கள் மாலையில் சற்று உறங்கிவிட்டு, 12.50 முதல் 1.45 வரையாவது விழித்திருந்து ஐந்தெழுத்தை ஓதலாம். பன்னிரண்டரைக்கே கிளம்பிவிடுபவர்கள் தவறவிடுவது இந்தப் பொழுதைத்தான். கோயிலில் இருப்பதானால், எம்ஆர்டி நள்ளிரவை ஒட்டி நின்றுவிடும். திரும்ப டாக்சிக்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். பூசை நேரம் கோயிலுக்குக் கோயில் மாறும், அறிவிப்பைப் பாருங்கள். விரதத்தையும் ஆறு மணிக்கே முடிக்க வேண்டாம். இங்கே விடிய இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது.